வெட்டாத காது

அத்தியாயம் 14

கடித்தது காலை ஆறேகாலுக்கு. ஆறரைக்குள் அதை மறைத்தும் விட்டாள்.

பம்ப் அறையில் குழாய்க்கு அடியில் ஒரு குட்டி தலையை நுழைத்துக்கொண்டு கத்தியது. எடுத்துவிடலாம் என்று கையை நீட்டினாள். பின்னாலிருந்து பாய்ந்த தாய் நாய், இடது முன்கையைக் கவ்வி ஒரு உதறு உதறிவிட்டு விட்டது. இரண்டு ஓட்டைகள். ரத்தம். அதற்குள் குட்டி தானாகவே தலையை உருவிக்கொண்டு தாயின் மடியில் போய் ஒட்டிக்கொண்டது. இவளிடம் உதவி கேட்டது யார்?

குழாயைத் திறந்து கையை ஒரு நனை நனைத்தாள். வீட்டுக்கு வந்து கையில் கிடைத்த களிம்பைத் தடவி, துணி சுற்றி, முழுக்கைச் சட்டை ஒன்றை மாட்டிக்கொண்டாள். கூட்டம் முடியட்டும், அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவு செய்தாள்.

கூட்டம் மாலை ஐந்து மணிக்கு.

போன வாரம் இரண்டாம் மாடிப் பல் டாக்டரம்மா, வாசலில் நாய்கள் துரத்தி ஸ்கூட்டரோடு விழுந்து முழங்கையில் மாவுக்கட்டு போட்டுக்கொண்டார். அன்றிலிருந்து குடியிருப்பின் நாற்பத்தெட்டு வீடுகளும் இரண்டு கட்சி. ஒரு கட்சி, வேன்காரன் ஒருவனைப் பேசி வைத்திருந்தது. கூட்டம் சம்மதித்தால் நாளை காலை வந்து பதினொரு நாய்களையும் அள்ளிக்கொண்டு போய்க் கண்காணாத இடத்தில் விட்டுவிடுவான். இன்னொரு கட்சியில் இருந்தது மைக். மைக் மட்டும்தான் என்று சொன்னாலும் பெரிய பொய் ஆகிவிடாது.

மைக் என்பது அவளுக்குக் குடியிருப்பு வைத்த பெயர். ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர் வேலை. தாமதமாக வரும் ரயிலைக்கூடத் தாலாட்டுப் போலச் சொல்லுவாள் என்று பெயர் வாங்கியவள். தினமும் ஆயிரம் பேர் அவள் குரலைக் கேட்டு நடைமேடை மாறுகிறார்கள். ஆனால் பத்து பேர் முகம் பார்த்து அவள் பேசியதே இல்லை. இன்று பேசியாக வேண்டும்.

சங்கத்தின் தலைவர் அவளுடைய மாமனார். லிஃப்ட் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தக் காலத்தில், தானே ஏறி மேலும் கீழுமாக நாலு முறை போய் வந்த பிறகுதான் எந்த லிஃப்டுக்கும் சான்றிதழில் கையெழுத்துப் போடுவார். ‘மாமா கையெழுத்துப் போட்டா கயிறே இல்லாத லிஃப்டுலகூட ஏறலாம்’ என்று குடியிருப்பில் ஒரு பேச்சு உண்டு. மருமகள் பேசுவதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். பதினோராவது நிமிடம் கேட்டால் மருமகள் என்றும் பார்க்கமாட்டார்.

* * *

பகல் இரண்டு மணிக்கு நாத்தனார் வேலையிலிருந்து வந்தாள். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அண்ணன் பாலம் கட்டும் வேலைக்காக வெளியூர் போனதிலிருந்து அப்பாவுக்கும் அண்ணிக்கும் துணையாக இங்கேதான் இருக்கிறாள்.

சாப்பாட்டுத் தட்டை அண்ணி ஒரே கையால் எடுத்து வைத்ததைப் பார்த்தாள். இந்த வெயிலில் முழுக்கைச் சட்டை எதற்கு என்று கேட்டாள். கொசு என்றாள் மைக். பகல் இரண்டு மணிக்கு எந்த ஊர்க் கொசு என்று கேட்டுக்கொண்டே நாத்தனார் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டாள்.

துணியை அவிழ்த்ததும் அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

“எப்போ?”

“காலையில. ஆறேகால் இருக்கும்.”

“எட்டு மணி நேரமா? அண்ணி, நீங்க படிச்சவங்கதானே?”

அதற்குமேல் திட்டவில்லை. திட்ட நேரமில்லை. அண்ணியின் கையை இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில் நிறுத்தினாள். களிம்பை முழுக்க வழித்தெடுத்தாள். சோப்பைக் குழைத்து, காயத்துக்குள் தண்ணீர் ஓடும்படி கையைத் திருப்பித் திருப்பிக் காட்டச் சொல்லி, கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றாள். பதினைந்து நிமிடம். ஐந்தாவது நிமிடத்தில் போதும் என்றாள் மைக். வெறிநோயும் ரயில் மாதிரிதான், கிளம்பிட்டா அப்புறம் நிறுத்தமுடியாது, இப்போ நில்லுங்க என்றாள் நாத்தனார்.

கட்டுப் போடவில்லை. காயத்தைத் திறந்தபடியே விட்டு, ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்து ஓட்டினாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் காயத்தைப் பார்த்ததுமே மூன்றாம் வகை என்று எழுதினார். பல் இறங்கி ரத்தம் வந்தால் அந்த வகைதான். காயத்தைச் சுற்றிச் சுற்றி ஊசி குத்தினார்கள். அது உடனே காவல் காக்கும் மருந்து. மேல்கையில் இன்னொன்று. அது உடம்பே எதிர்ப்பைத் தயார் செய்துகொள்வதற்கு. அட்டை ஒன்றில் தேதிகளை எழுதிக் கொடுத்தார்கள். இன்று, மூன்றாம் நாள், ஏழாம் நாள், பதினான்காம் நாள், இருபத்தெட்டாம் நாள். ஒன்றைக்கூட விடக்கூடாது.

பிறகு டாக்டர் கேட்டார், தெரிந்த நாயா?

தெரிந்த நாய்தான் என்றாள் மைக்.

அப்படியென்றால் பத்து நாள் அதைக் கண்ணில் வைத்திருங்கள் என்றார். பத்தாம் நாளும் அது சாப்பிட்டுக்கொண்டு நன்றாக இருந்தால், கடித்தபோது அதற்கு வெறிநோய் இல்லை என்று அர்த்தம். செத்தாலோ காணாமல் போனாலோ உடனே வந்து சொல்ல வேண்டும். எதுவானாலும் ஊசி நிற்காது. கடைசியாக, அந்த நாய்க்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்டார்.

மைக் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டாச்சே” என்று நாத்தனார் பதில் சொன்னாள். “பதினொண்ணுக்கும் போட்டாச்சு டாக்டர். ரெஜிஸ்டர் இருக்கு.”

“இல்ல” என்றாள் மைக்.

* * *

ஸ்கூட்டர் நிறுத்துமிடத்தில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள்.

ஏழு வாரத்துக்கு முன்னால் கருத்தடைக் குழு வந்தது. விடியற்காலையில் வலை போட்டுப் பிடித்துக்கொண்டு போனார்கள். அறுவை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மயக்கம் தெளிவதற்குள் இடது காது நுனியைக் கொஞ்சம் வெட்டிவிடுவார்கள். தூரத்திலிருந்து பார்த்தாலே தெரியும், இது முடிந்த நாய் என்று. தையல் ஆறியதும் பிடித்த இடத்திலேயே கொண்டு வந்து விட்டார்கள்.

பத்து நாய்களைத்தான் பிடித்தார்கள். பதினோராவது சாம்பல் நிறப் பெட்டை, வயிற்றில் குட்டியோடு இருந்தது. அறுவை என்றால் வயிற்றிலிருப்பவை போய்விடுமே என்று மைக்குக்கு மனசு கேட்கவில்லை. குழு வந்த காலையில் அதைப் பம்ப் அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்திவிட்டாள். பக்கத்துத் தெரு நாய்களையும் சேர்த்துக் கணக்கெடுத்துக்கொண்டிருந்த அவர்கள், ஒன்று குறைந்ததைக் கவனிக்கவில்லை.

குடியிருப்பு நாய்களுக்காக அவள் எழுதிவந்த ரெஜிஸ்டரில் நாய்க்கு ஒரு பக்கம். படம், ஊசி போட்ட தேதி, காது. சாம்பலின் பக்கத்தில் வலது பக்கமாகத் திரும்பி நிற்கும் படத்தை ஒட்டினாள். அதில் இடது காது தெரியாது. கீழே ‘முடிந்தது’ என்று எழுதினாள். அதற்கும் கீழே மாமனார் கையெழுத்துப் போட்டார். வாழ்க்கையிலேயே முதல்முறையாக, தானே போய்ப் பார்க்காமல்.

நாத்தனார் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

“அப்பா போன கூட்டத்துல எழுந்து நின்னு அத்தனை பேர் முன்னாடியும் சொன்னாரு அண்ணி. பதினொண்ணுக்கும் நான் பொறுப்புன்னாரு.”

“தெரியும்.”

“அப்போ இன்னிக்கு வாயைத் திறக்காதீங்க. ஊசி போட்டாச்சு, உங்களுக்குப் பயமில்ல. கூட்டம் முடியட்டும், அப்பாகிட்ட வீட்டுக்குள்ள வச்சு நானே பக்குவமா சொல்றேன். நாலு பேர் நடுவுல அவர் தலை குனியக் கூடாது.”

கண்டிப்பாளென்று எதிர்பார்த்த நாத்தனார் காப்பாற்றப் பார்க்கிறாள். அதுதான் மைக்குக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

* * *

நாலரை மணிக்கு மாமனார் கார் நிறுத்தும் கூடத்தில் நாற்காலிகளை வரிசை பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வரிசை ஒரு விரல் அளவு கோணினாலும் அவருக்குப் பொறுக்காது. மருமகளைப் பார்த்ததும் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

எப்படியாவது இப்போதே சொல்லிவிடுவதென்றுதான் அவள் வந்திருந்தாள். அவர் முந்திக்கொண்டார்.

“ஒரு விஷயம் சொல்லணும்மா. நான் இன்னிக்கு வேனுக்கு எதிரா கை தூக்கப் போறேன்.”

அவள் நிமிர்ந்து பார்த்தாள். நாய் என்றாலே நாலடி தள்ளி நடக்கிறவர் அவர்.

“எனக்கு அதுங்க மேல பாசமெல்லாம் இல்ல. பயம்தான். ஆனா உன் ரெஜிஸ்டரை நாலு தடவை படிச்சேன். ஒரு லிஃப்டுக்குக்கூட இவ்வளவு சுத்தமா யாரும் எழுதிப் பார்த்ததில்ல. அதை நம்பித்தான் தூக்கறேன்.”

அதற்குள் யாரோ மின்விசிறி ஓடவில்லை என்று கூப்பிட, அவர் போய்விட்டார். மைக் சட்டைக் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

* * *

ஐந்து மணிக்கு நாற்காலிகள் போதவில்லை. மாவுக்கட்டுக் கையோடு முதல் வரிசையில் பல் டாக்டரம்மா. மூன்றாவது வரிசையில் நாத்தனார். வேனை ஆதரித்து இரண்டு பேர் பேசினார்கள். ஒருவர் குழந்தைகளை வெளியே விடவே பயமாக இருக்கிறதென்றார். இன்னொருவர் ராத்திரி குரைப்பில் தனக்குத் தூக்கம் போய் மூன்று வாரம் ஆகிறதென்றார். அவர் பகலில் கூட்டங்களில் தூங்குவார் என்பது ஊரறிந்த விஷயம் என்பதால் கொஞ்சம் சிரிப்பு வந்தது. ஆனால் பயம் உண்மையானது. அது எல்லோர் முகத்திலும் இருந்தது.

மைக் எழுந்தாள். ஒலிபெருக்கியை வாய்க்கு அருகே இழுத்தாள். குரல் நடுங்கவில்லை. அது அதன் வேலையைத் தெரிந்து வைத்திருந்தது.

பயப்படுகிறவர்களைக் குறை சொல்லி ஆரம்பிக்கவில்லை. தன் தப்பிலிருந்து ஆரம்பித்தாள். வாசலில், காலை ஏழு மணிக்கு, பள்ளி வண்டியும் ஸ்கூட்டர்களும் கிளம்புகிற நேரத்தில்தான் தான் சோறு வைத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னாள். சோறு இருக்கும் இடத்தை நாய் தன் இடமென்று நினைக்கும். அந்த இடத்தில் வண்டி பாய்ந்தால் துரத்தும். டாக்டரம்மா விழுந்தது அதனால்தான். நாளையிலிருந்து பின்பக்கச் சுவரோரம், விளையாடும் இடத்துக்கு எதிர்க்கோடியில், காலை ஐந்தரைக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் மட்டும். இருபது நிமிடத்தில் மிச்சத்தை எடுத்துக் கழுவிவிடுவதும் தன் வேலை. குப்பைத் தொட்டிக்கு மூடி போடுவது எல்லோருடைய வேலை.

துரத்தினால் வண்டியை முறுக்காதீர்கள், வேகத்தைக் குறையுங்கள் என்றாள். குழந்தைகளுக்கு ஒன்று சொல்லிக்கொடுங்கள் என்றாள். நாய் பக்கத்தில் வந்தால் ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கண்ணைப் பார்த்து முறைக்கக்கூடாது. கையை உடம்போடு ஒட்டி மரம் மாதிரி நிற்க வேண்டும். கீழே விழுந்துவிட்டால் சுருண்டுகொண்டு கழுத்தையும் காதையும் கையால் மூட வேண்டும். இரண்டாவது வரிசையில் ஒரு சின்னப் பெண் உடனே மரமாக நின்று காட்டினாள். அவள் அம்மா உட்காரச் சொன்னதற்கு, மரம் உட்காராது என்றாள்.

“வேன்காரர் நாளைக்குப் பதினொண்ணையும் எடுத்துட்டுப் போகலாம்” என்றாள் மைக். “இடம் காலியா இருக்காது. குப்பை இங்கதான் இருக்கு, சோறு இங்கதான் இருக்கு. ஒரு மாசத்துல வேற நாய் வரும். அதுக்கு ஊசி போட்டிருக்காது, நம்ம முகம் தெரியாது. குட்டியும் போடும். ஊசி போட்ட நாய் இருக்கற தெருவுலதான் ஊசி போடாத நாய் உள்ள வராது. இந்த நாய்ங்க நமக்கு வேலி மாதிரி. வேலியைப் பிடுங்கிட்டுப் பயிரைக் காப்பாத்த முடியாது.”

தலைகள் அசைந்தன. பின்வரிசையில் ஒருவர், அது சரிதான் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது கேட்டது. எட்டு நிமிடம் ஆகியிருந்தது. இப்படியே உட்கார்ந்துவிட்டால் ஜெயித்துவிடலாம்.

பல் டாக்டரம்மா கை தூக்கினார். குரலில் சண்டை இல்லை.

“நீங்க சொல்ற வேலி முழுசா இருந்தா எனக்கு ஆட்சேபம் இல்லம்மா. ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பதினொண்ணுக்கும் முடிஞ்சது, இல்லையா?”

மாமனார் ரெஜிஸ்டரை மேசைமேல் முன்னால் தள்ளி வைத்தார், பெருமையாக. மூன்றாவது வரிசையில் நாத்தனார் மெல்லத் தலையை ஆட்டினாள், வேண்டாம் என்று.

மைக் சட்டைக் கையைச் சுருட்டினாள்.

“இல்லைங்க. பத்துக்குத்தான். பதினோராவதை நான் ஒளிச்சு வச்சேன். வயித்துல குட்டி இருந்துச்சு, பாவமா இருந்துச்சு. அது இன்னிக்குக் காலையில என்னைக் கடிச்சிடுச்சு. அது மேல தப்பு இல்ல, குட்டிக்குக் கிட்ட போனது நான். அதையும் எட்டு மணி நேரம் ஒளிச்சேன். உங்ககிட்ட ஜெயிக்கணும்னு. நல்லவேளை என் கையைக் கடிச்சுது. ஒரு குழந்தை பந்து எடுக்கப் போயிருந்தா, நான் பாவம் பார்த்ததுக்கு அது பதில் சொல்லியிருக்கும்.”

முன்வரிசையில் இருந்தவர்கள் அவள் கையை எட்டிப் பார்த்தார்கள்.

அவள் மாமனாரைப் பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவாள். “தலைவர் போட்ட கையெழுத்து என் பொய்யை நம்பிப் போட்டது. அவருக்கு எதுவும் தெரியாது” என்று முடித்தாள்.

முதலில் பேசியது பல் டாக்டரம்மாதான். காயத்தை சோப்புப் போட்டுக் கழுவினீர்களா என்று கேட்டார். கழுவி, இரண்டு ஊசியும் போட்டாயிற்று என்றாள். அப்புறம்தான் அந்த அம்மாள் நாற்காலியில் சாய்ந்தார்.

மாமனார் மெதுவாக எழுந்தார். ரெஜிஸ்டரைத் திறந்தார். சாம்பல் நாயின் பக்கத்தைத் தேடி, பேனாவை எடுத்து, தன் கையெழுத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். கோடு நேராக இருந்தது.

“நான் ஏறிப் பார்க்காம கையெழுத்துப் போட்ட ஒரே லிஃப்ட் இதுதான்” என்றார். “மருமக எழுதினான்னு பார்க்காம விட்டேன். தப்பு ரெண்டு பேருது. இதுக்கு மேல கூட்டத்தை டாக்டரம்மா நடத்தட்டும்.”

தலைவர் நாற்காலியை விட்டு நகர்ந்து, போய் மகள் பக்கத்தில் உட்கார்ந்தார். மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு முக்கால் மணி நேரம் பேசினார்கள். கோபம் இருந்தது. ஒளித்து வைத்தவளை இனி எப்படி நம்புவது என்று ஒருவர் கேட்டதற்கு, ஒளித்ததைச் சொன்னவளை நம்பாமல் யாரை நம்புவது என்று இன்னொருவர் கேட்டார். முடிவில் நிபந்தனையைச் சொன்னது பல் டாக்டரம்மா. பத்து நாள். சாம்பல் நாயை, சோறு வைக்காத இரண்டு பேர் தினமும் தூரத்திலிருந்து பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பம்ப் அறைப் பக்கம் குழந்தைகள் போகாமல் தடுப்பு வைக்க வேண்டும். குட்டிகள் பால் மறந்ததும் தாய்க்குக் கருத்தடை, ஊசி, காது. ஒரு நாள் அது கண்ணில் படாவிட்டாலும் வேன் வரும்.

வீட்டுக்கு ஒரு கை என்று எடுத்த ஓட்டெடுப்பில் இருபத்தைந்து கை ஒரு பக்கம், பத்தொன்பது கை மறுபக்கம். வேன் இல்லை. மாமனார் கை தூக்கினாரா என்று மைக் பார்க்கவில்லை. இருபத்தைந்தாவது கை அவருடையது என்று நாத்தனார் பிறகு சொன்னாள்.

* * *

வெளிச்சம் இன்னும் மிச்சமிருந்தது. தடுப்புப் பலகையை எடுத்துக்கொண்டு மாமனார் பம்ப் அறைப் பக்கம் நடந்தார். அவள் பத்தடி பின்னால் போனாள். கட்டடத்தைச் சுற்றி வந்ததும் அவர் திரும்பிப் பார்த்தார்.

“எதுல எனக்குக் கோபம் தெரியுமாம்மா? பொய் எழுதினதுல இல்ல. கையில கடிபட்டுக்கிட்டு, இந்த வீட்டுல ஒருத்தர்கிட்டகூடச் சொல்லாம இருந்தே பாரு. அதுல.”

“சொல்லியிருக்கணும் மாமா.”

“ம். அடுத்த ஊசி என்னிக்கு?”

சொன்னாள். நானே கூட்டிட்டுப் போறேன் என்றார்.

பம்ப் அறைக் கதவு சாத்தியிருந்தது. வெளித்தாழ்ப்பாள் போட்டிருந்தது.

மைக் நின்றாள். குட்டிகள் பிறந்த பிறகு, தாய் வந்து போக வேண்டுமென்று அந்தக் கதவை அவள் ஒருநாளும் முழுக்கச் சாத்தியதில்லை. உள்ளே குட்டிகள் ஒரே குரலாகக் கத்திக்கொண்டிருந்தன. பசிக் கத்தல்.

மாமனார் பலகையால் தாழ்ப்பாளைத் தள்ளிக் கதவைத் திறந்தார். நான்கு குட்டிகள் தள்ளாடிக்கொண்டு வெளிச்சத்தைப் பார்த்து வந்தன. குட்டிகளுக்கு விரித்திருந்த சாக்கு கலைந்து கிடந்தது. தரையில் வாசல் வரை எதையோ இழுத்துக்கொண்டு போன ஈரத் தடம். தாய் இல்லை.

எல்லோரும் கூட்டத்தில் இருந்தார்கள். எல்லோரும் என்றால் எல்லோருமா? இருபத்தைந்தும் பத்தொன்பதும் நாற்பத்து நாலு. வீடுகள் நாற்பத்தெட்டு.

மாமனாரின் கணக்கும் அங்கேதான் போய் நின்றிருக்க வேண்டும். அவர் திரும்பிக் கூடத்துப் பக்கம் பார்த்தார். நாற்காலி மடக்கும் சத்தம் கேட்டது. பாதிப் பேர் இன்னும் போகவில்லை.

“இரை தேடிப் போயிருக்கலாம்மா” என்றார், தணிந்த குரலில். “காலையில வரைக்கும் பொறுத்துப் பார்ப்போமா? இப்போ சொன்னா வேன் நாளைக்கே வந்துடும்.”

வெளித்தாழ்ப்பாளை நாய் போட்டுக்கொண்டு போகாது என்று அவருக்கும் தெரியும். மருமகளுக்காக, ஓய்வு பெற்ற ஆய்வாளர் ஒருவர் வாழ்க்கையில் இரண்டாவது முறையாகக் கண்ணை மூடிக்கொள்ளத் தயாராக நின்றார்.

அவள் குனிந்து குட்டிகளைத் தொடவில்லை. கூடத்தை நோக்கி நடந்தாள். கடைசி வரிசை நாற்காலியைத் தூக்கிக்கொண்டிருந்தவர்கள் அவள் வருவதைப் பார்த்து நின்றார்கள். ஒலிபெருக்கியைக் கழற்றிவிட்டிருந்தார்கள். அது அவளுக்குத் தேவைப்படவில்லை.

“கொஞ்சம் இருங்க” என்றாள். “தாய் நாயைக் காணோம். யாரோ எடுத்துட்டுப் போயிருக்காங்க.”